ஐந்தாம் பயிற்சி காணாமல் போன வாரம்

ருமந்தி எழுதியதை அந்தக் கல்லூரியின் மூவாயிரம் பிள்ளைகளும் படித்தார்கள். அவள் குரலைக் கேட்டவர்களை எண்ணினால் இருபது பேர்கூடத் தேற மாட்டார்கள்.

செமாராங் நகரில் ஒரு தனியார் கல்லூரி. அதன் மாணவர் நலப் பிரிவில் அவளுக்கு ஒப்பந்த வேலை. கல்லூரியின் இன்ஸ்டாகிராம் பக்கம் அவள் கையில் இருந்தது. கட்டணம் கட்டக் கடைசி நாள், உதவித்தொகை, தேர்வு அட்டவணை, வாழ்த்து எல்லாம் அவள் எழுதுவதுதான். பக்கத்தை நடத்துவது யார் என்று பிள்ளைகளுக்குத் தெரியாது. 'அட்மின்' என்பதைச் சுருக்கி 'மின்' என்று கூப்பிடுவார்கள். "மின், நாளைக்கு லீவா?" "மின், சாப்டாச்சா?" அவளும் சளைக்காமல் பதில் போடுவாள். எழுத்தில் அவ்வளவு கலகலப்பான பெண்ணா இவள் என்று நேரில் பார்த்தால் சந்தேகம் வரும். தொலைபேசி மணி அடித்தால் எதிர்மேசை வஹ்யூனியைப் பார்ப்பாள். வஹ்யூனி பெருமூச்சு விட்டுக்கொண்டு எழுந்து வந்து எடுப்பாள்.

இருபத்தொன்பது வயதில் இப்படி இருப்பதற்குக் காரணம் பதினெட்டு வயதில் நடந்த ஒன்று. அவள் சிலாச்சாப் என்ற கடலோர ஊர்க்காரி. சொல்லின் கடைசியில் வரும் 'க்'கைச் செமாராங்காரர்கள் தொண்டையிலேயே விழுங்கிவிடுவார்கள். சிலாச்சாப்பில் அதை வெளியே எறிவார்கள். படிக்க வந்த கல்லூரியில் முதல் தடவை வகுப்பின் முன் நின்று "பாக்" என்று ஆசிரியரை விளித்தாள். ஐயா என்ற அந்த ஒற்றைச் சொல்லுக்கே வகுப்பு கொல்லென்று சிரித்தது. ஆசிரியரும் சிரித்துவிட்டார். கையிலிருந்த தாளை அவள் வாசித்து முடிக்கவில்லை. அதன் பிறகு குழுவேலை என்றால், "எழுதுறது பூரா நான் எழுதறேன், பேசறது மட்டும் நீங்க பேசுங்க" என்பாள். அப்படியே பட்டமும் வாங்கி, அப்படியே வேலையிலும் சேர்ந்தாள்.

அந்த ஆண்டு ஆகஸ்டில் பேராசிரியர்கள் ஒரு குறை சொன்னார்கள். ஆய்வு முன்மொழிவுக் கருத்தரங்கில், பிள்ளைகள் பாஷையில் 'செம்ப்ரோ'வில், பாதிப் பேர் வாயே திறப்பதில்லை. பிரிவுத் தலைவர் பாக் சுதர்மோ ருமந்தியைக் கூப்பிட்டார்.

"கூச்சப்படற பசங்களுக்கு ஒரு கரூசல் போடும்மா. மேடைப் பேச்சுப் பயிற்சி. ஸ்லைடுக்கு ஒண்ணு. வளவளன்னு வேண்டாம்."

இன்ஸ்டாகிராமில் ஒரே பதிவுக்குள் பத்துப் படங்களை அடுக்கி, விரலால் தள்ளித் தள்ளிப் பார்க்க வைப்பதுதான் கரூசல். ருமந்திக்கு அது கைவந்த கலை. ஆறு நாள் உட்கார்ந்து செய்தாள். முதல் படத்தில் பயிற்சி எதுவும் இல்லை. 'பேர் கூப்பிட்டாலே வயிறு கலங்குதா?' என்று பெரிய எழுத்தில் ஒரு கேள்வி மட்டும். அந்த ஒரு வரியில் விரல் நிற்காவிட்டால் மீதி ஒன்பதையும் யாரும் பார்க்கப்போவதில்லை என்பது அவளுக்குத் தெரியும். அடுத்து எட்டுப் பயிற்சிகள், லேசானதிலிருந்து கடினமானதற்கு. பாதம் தரையில் பதிய நின்று நாலு எண்ணும்வரை மூச்சு இழு, ஆறு எண்ணும்வரை விடு. அறைக்கதவைச் சாத்திக்கொண்டு ஒரு பத்தியை உரக்கப் படி. கையில் கிடைத்த பொருளைப் பற்றி நிறுத்தாமல் ஒரு நிமிடம் பேசு. சாப்பாட்டுக் கடையில் முழு வாக்கியத்தில் கேள், கூடுதலாக ஒரு கேள்வியும் கேள். ஐந்தாவது, ஒரு நிமிட வீடியோ எடுத்து நண்பருக்கு அனுப்பு. நல்லது ஒன்று, திருத்த வேண்டியது ஒன்று சொல்லச் சொல். ஆறாவது, அதே வீடியோவைப் போட்டு எத்தனை 'எ...' வருகிறது என்று எண்ணு. அந்த இடங்களில் அடுத்த முறை சும்மா நிறுத்து. ஏழாவது, வகுப்பில் ஒரு கேள்வியைத் தாளில் எழுதிவைத்துக்கொண்டு கேள். எட்டாவது, மூன்று பேர் முன்னால் இரண்டு நிமிடம் நின்று பேசு. கடைசிப் படத்தில், 'சேமித்து வை, கூச்சப்படும் தோழருக்கு அனுப்பு.' எந்தப் படத்திலும் இருபத்தைந்து சொல்லுக்கு மேல் இல்லை. மூலையில் எண், ஓரத்தில் அம்புக்குறி.

முதல் நாலும் அவள் தானே செய்து பார்த்தவை. நாலாவதுக்காக சோத்தோ சூப் கடையில், "இதுல எலுமிச்சை எப்பப் பிழிவீங்க?" என்று கேட்டுவிட்டுக் காது சிவந்து நின்றிருக்கிறாள். ஐந்தாவது முதல் மீதியெல்லாம் கல்லூரியின் மாணவர் ஆலோசகர் கொடுத்த பட்டியலில் இருந்து எடுத்தவை. படித்தபோது சரியாகத்தான் பட்டது. செய்து பார்க்கவில்லை.

பதிவு பிய்த்துக்கொண்டு போனது. பத்து நாளில் இரண்டாயிரத்து முந்நூறு பேர் சேமித்துவைத்திருந்தார்கள். கல்லூரி முதல்வர் கூட்டத்தில் பாராட்டினாராம். பாக் சுதர்மோ நடைவழியில் எல்லோரிடமும் அந்த எண்ணைச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

பதினோராம் நாள், செவ்வாய்க்கிழமை மதியம், தகவல் பெட்டியில் ஒரு செய்தி வந்தது. ஹர்யோ என்று பெயர். மீன்வளத் துறை, ஏழாம் பருவம்.

"மின், அஞ்சாவது பயிற்சி செஞ்சேன்."

வழக்கம்போலக் கைதட்டும் பொம்மையை அனுப்ப ருமந்தி விரலை வைத்தாள். அதற்குள் ஒரு படம் வந்தது. வாட்ஸப் ஸ்டிக்கர். அரைக்கண் மூடி, வாய் கோணி, ஏதோ சொல்லின் நடுவில் நின்றுபோன ஒரு பையனின் முகம். கீழே 'இன்யோங் நடுங்கறேனே' என்று எழுதியிருந்தது. 'இன்யோங்' என்றால் 'நான்'. அவள் ஊர்ப் பக்கம்தான் அப்படிச் சொல்வார்கள்.

"என் மூஞ்சிதான். கூட ரூம்ல இருக்கறவனுக்கு அனுப்பினேன். அவன் நிறுத்தி நிறுத்தி ஏழு ஸ்டிக்கர் பண்ணிட்டான். வகுப்பு குரூப்ல இருக்கு. சீனியர் குரூப்லயும் இருக்கு. வெள்ளிக்கிழமை எனக்கு செம்ப்ரோ. நான் வரப் போறதில்ல. சும்மா சொல்லணும்னு தோணிச்சு, மின்."

ருமந்தி என்னென்னவோ எழுதி எழுதி அழித்தாள். கடைசியில் அனுப்பியது, "மன்னிச்சிடு" மட்டும்தான். அவன் பார்த்தான். பதில் இல்லை.

அவளுக்கு அடுத்து வந்த பயம் அந்தப் பையனைப் பற்றி மட்டும் அல்ல. இரண்டாயிரத்து முந்நூறு பேர். அதில் எத்தனை பேர் இன்றைக்கு ஐந்தாவதில் நிற்கிறார்கள்? இந்த நிமிடம் யாராவது ஒருத்தி போனைச் சுவரில் சாய்த்துவைத்துக்கொண்டிருப்பாளோ? பதிவைத் திறந்தாள். ஏற்றிய கரூசலில் ஒரு படத்தை எடுத்துவிடலாம். அதே இடத்தில் வேறு படத்தைச் செருக வழி கிடையாது. முழுப் பதிவையும் அழித்து மறுபடி போட்டால் சேமித்தவர்களிடமிருந்து எல்லாமே போய்விடும், எச்சரிக்கை போய்ச் சேரவும் வழி இருக்காது. யாரையும் கேட்காமல் திருத்து என்பதைத் தொட்டு, ஐந்தாம் பயிற்சி இருந்த ஆறாவது படத்துக்குத் தள்ளி, மேல் மூலையில் இருந்த குப்பைத்தொட்டியை அழுத்தினாள். பதிவின் கீழே இருந்த வாசகத்தைத் திருத்தி, 'ஐந்தாம் பயிற்சியை யாரும் செய்ய வேண்டாம், வீடியோவை யாருக்கும் அனுப்ப வேண்டாம்' என்று முதல் வரியாகச் சேர்த்தாள். அதையே கருத்தாகப் போட்டு மேலே நிறுத்தினாள்.

அரைமணி நேரத்தில் கேள்விகள் வரத் தொடங்கின. "மின், நாலுக்கு அப்புறம் ஆறு வருது, அஞ்சு எங்க?" "மின்னுக்கு எண்ணத் தெரியலையா?" "ஆறாவதுல 'அதே வீடியோ'ன்னு இருக்கே, எந்த வீடியோ?"

மூன்று மணிக்கு பாக் சுதர்மோ கூப்பிட்டார்.

"ஓடற வண்டிக்குக் கட்டை போட்டுட்டியேம்மா. யாரைக் கேட்டு எடுத்தே?"

அவள் நடந்ததைச் சொன்னாள். பையனின் பெயரைச் சொல்லவில்லை.

"நண்பனுக்கு அனுப்புன்னுதானே போட்டோம்? நண்பன் குரங்குச்சேட்டை பண்ணா அதுக்கு நாம என்ன செய்ய? அது அவங்க ரெண்டு பேர் விவகாரம்."

"நாமதான், பாக்... நாமதான் அனுப்பச் சொன்னோம்."

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். நாலு வருடத்தில் அவள் அவரை மறுத்துப் பேசியது அதுதான் முதல் தடவையாக இருக்கும். "சரி, திங்கட்கிழமைக்குள்ள ஒழுங்கா ஒண்ணு பண்ணிக் கொண்டா. டிசம்பர்ல உன் ஒப்பந்தம் புதுப்பிக்க வருதுன்னு ஞாபகம் இருக்கட்டும்" என்றார். மிரட்டலாகச் சொல்லவில்லைதான்.

அவள் ஹர்யோவுக்கு மறுபடி எழுதினாள். நேரில் ஐந்து நிமிடம் பேச முடியுமா என்று கேட்டாள். நேரில் பேசலாமா என்று தானாக ஒருவரிடம் கேட்பது அவளுக்கே புதிது. நகலெடுக்கும் கடைக்குப் பின்னால் இருக்கும் பெஞ்சுக்கு வரச் சொன்னான்.

ஒல்லியான பையன். தொப்பியைக் கண்வரை இழுத்துவிட்டிருந்தான். அவளைப் பார்த்ததும், "நீங்கதான் மின்னா? நான் ஏதோ ஜாலியான ஆள்னு நினைச்சேன்" என்றான்.

"எல்லாரும் அப்படித்தான் நினைக்கறாங்க" என்றாள்.  "அந்தப் பயிற்சியை எடுத்துட்டேன். உன் ரூம்காரன்மேல புகார் கொடுக்கணும்னா நான் கூட வர்றேன்."

"பகாஸ்மேலயா? வேணாங்க்கா. அவன் வேணும்னு பண்ணல. சிரிப்பா இருந்துச்சாம், பண்ணிட்டான். எனக்குக் காய்ச்சல் வந்தப்ப கஞ்சி வச்சுக் கொடுத்ததும் அவன்தான்." தொப்பியை இன்னும் கொஞ்சம் இழுத்துவிட்டு, "அதான் வயித்தெரிச்சல். அன்னியன் பண்ணியிருந்தா திட்டிட்டுப் போயிருப்பேன்" என்றான்.

அவன் பேச்சில் கடைசி 'க்' எறிபட்டு விழுந்தது. ஊர் தேகால் பக்கமா என்று கேட்டாள். ஆமாம் என்றான்.

"எனக்குச் சிலாச்சாப்."

அதைக் கேட்டும் அவன் முகம் இளகவில்லை. "நீங்க அந்த அஞ்சாவதைச் செஞ்சிருக்கீங்களா? உங்க மூஞ்சியை யாருக்காவது அனுப்பியிருக்கீங்களா?"

பொய் சொல்ல ஒரு கணம் இருந்தது. "இல்ல" என்றாள்.

"அப்புறம் எங்களை மட்டும் ஏன் செய்யச் சொன்னீங்க?" என்று கேட்டுவிட்டு எழுந்துவிட்டான். போகும்போது எதற்கோ தன் போன் எண்ணை மட்டும் சொல்லிவிட்டுப் போனான்.

விழாப் பதாகைகளைச் சுருட்டிவைக்கும் அறை ஒன்று மாடியில் இருந்தது. நாலரை மணிக்கு ருமந்தி அதற்குள் போய்க் கதவைச் சாத்தினாள். போனை ஒரு நாற்காலிமேல் சாய்த்தாள். எதிரே நின்றாள். ஒரு நிமிடத்துக்கு என்ன பேசுவது? பதினெட்டு வயதில் நின்றுபோனதைப் பேசினாள். அந்தத் தாளில் எழுதியிருந்தது உப்பளங்களைப் பற்றி. நினைவில் இருந்தவரை அதைச் சொன்னாள். நடுவில் இரண்டு தடவை தொலைந்துபோனாள். கழுத்தில் வியர்வை வழிந்தது. முடித்துவிட்டுப் போட்டுப் பார்த்தால், திரையில் யாரோ மிரண்ட பெண் வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தாள். எந்த நொடியில் நிறுத்தினாலும் ஸ்டிக்கர்.

ஒரே ஒரு தடவை மட்டும் பார்த்ததும் மறைந்துபோகும்படி அனுப்ப வாட்ஸப்பில் வழி உண்டு. விரல் அந்த வட்டத்துக்குமேல் போய் நின்றது. அவனுக்கு அந்தச் சலுகை கிடைத்திருக்கவில்லையே என்று நினைத்துக்கொண்டாள். சாதாரண வீடியோவாகவே ஹர்யோவின் எண்ணுக்கு அனுப்பினாள். 'நல்லது ஒன்று, திருத்த வேண்டியது ஒன்று' என்று கீழே எழுதினாள்.

இரண்டு டிக்குகள் நீலமாயின. 

அந்தப் புதன்கிழமை போல ஒரு நாள் அவள் வாழ்க்கையில் வந்ததில்லை. நடைவழியில் இரண்டு பெண்கள் போனைப் பார்த்துச் சிரித்தால் கால் தடுக்கியது. உணவகத்தில் யாரோ "அக்கா!" என்று கூப்பிட்டதும் கையிலிருந்த மெந்தோவான் பஜ்ஜித் தட்டை மேசையில் வைத்துவிட்டாள், கூப்பிட்டவன் உப்புத்தான் கேட்டான். வஹ்யூனி தன் போனைத் தூக்கி, "இங்க பாரேன், இது யாருன்னு தெரியுதா?" என்றபோது ருமந்தி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்துவிட்டாள். வஹ்யூனியின் அக்கா மகனுக்குப் பல் முளைத்திருந்ததாம். அன்று மாலைக்குள் ருமந்தி எழுபது தடவையாவது போனைத் திறந்து பார்த்திருப்பாள். அனுப்பியதைத் திரும்ப அழித்துவிடலாம், இன்னும் நேரம் இருந்தது. அழித்து என்ன பயன்? அவன் அதற்குள் எடுத்துவைத்திருந்தால் அவள் அழிப்பது அவள் கண்ணுக்குத்தான். ஒருவேளை அனுப்பியதே தப்போ, தன் மனப்பாரத்தை அந்தப் பையன் தலையில் இறக்கிவைத்துவிட்டோமோ என்றும் தோன்றியது. 

வியாழன் காலை பதினோரு மணிக்குச் செய்தி வந்தது.

"நல்லது: கேமராவை விட்டுக் கண்ணை எடுக்கல. திருத்த வேண்டியது: பதினேழு 'எ...'. எண்ணினேன். யாருக்கும் காட்டல, அழிச்சிட்டேன். நம்பறதும் நம்பாததும் உங்க இஷ்டம்."

ருமந்தி கழிவறைக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள். "நன்றி. அஞ்சாவதை மறுபடி எழுதணும். என்ன போடலாம்னு நீ சொல்லேன்" என்று கேட்டாள்.

இந்தத் தடவை பதில் உடனே வந்தது, வரி வரியாக. "'நம்பிக்கையான நண்பர்'னு போடாதீங்க. பகாஸ் நம்பிக்கையானவன்தான்." "வீடியோ எடுக்கறது ஓகே. யாருக்கும் போகக் கூடாது. தானே பாத்துட்டு அழிச்சிடணும்." "ஆள் வேணும்னா நேர்ல. எதிர்ல உக்கார வச்சு. ரெண்டு பேர் போனும் பைக்குள்ள." கொஞ்ச நேரம் கழித்து, "நேர்ல சிரிச்சா சிரிச்சதோட போச்சு" என்றான்.

அதற்குப் பிறகு ஒரு செய்தி. "செம்ப்ரோவுக்குப் போறேன். நாளைக்கு ஒன்பது மணி, ரூம் 204. வர்றதா இருந்தா முன்வரிசையில உக்காராதீங்க."

வெள்ளிக்கிழமை அவள் கடைசிக்கு முந்தைய வரிசையில் உட்கார்ந்தாள். பதினைந்து பேர் இருந்தார்கள். பகாஸ் எவன் என்று அவளுக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் விரும்பவில்லை. ஹர்யோ தொப்பி இல்லாமல், இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் நின்றான். இறால் குட்டைத் தண்ணீரின் உப்பளவைப் பற்றி ஆய்வு. திரையில் முதல் மூன்று படம்வரை தரையைப் பார்த்தே பேசினான். நாலாவதில், வலப்பக்கம் ஒரு போன் அதிர்ந்தது. உடனே இன்னொன்று, இன்னும் ஒன்று. யாரோ மூக்கால் சிரித்தார்கள்.

ஹர்யோ பேச்சை நிறுத்தினான்.

ருமந்திக்கு எழுந்து ஏதாவது சொல்லிவிட வேண்டும் என்று இருந்தது. சொன்னால் அவனுக்கு இன்னும் கேவலமாகிவிடும் என்று அடக்கிக்கொண்டாள். அவன் மேசைமேல் கையை ஊன்றினான். தோள் ஏறி இறங்குவது கடைசி வரிசைவரை தெரிந்தது. வழிகாட்டும் பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "தொடரலாமா?" என்றார்.

"ஒரு நிமிஷம், பாக்" என்றான். 'க்' கணீரென்று விழுந்தது. யாரோ குனிந்துகொண்டார்கள். சிரிப்பு வந்ததா இல்லையா என்று ருமந்திக்குத் தெரியவில்லை. அவன் முதலில் சிரிப்பு வந்த பக்கமாகவே முகத்தைத் திருப்பி, "போனை அணைச்சிட்டீங்கன்னா ஆரம்பிச்சிடுவேன்" என்றான். பேராசிரியரும் அந்தப் பக்கம் பார்த்தார். போன்கள் பைக்குள் போயின.

அதன் பிறகு அவன் அற்புதமாகப் பேசினான் என்று சொல்ல முடியாது. வேகமாகப் பேசினான், ஒரு படத்தைத் தாண்டிப் போய்விட்டுத் திரும்பி வந்தான். கேள்வி மூன்றில் ஒன்றுக்குத் தெரியாது என்றான். ஏராளமான திருத்தங்களோடு அவன் முன்மொழிவை ஏற்றுக்கொண்டார்கள். வெளியே வந்ததும் சுவரில் சாய்ந்து நின்றான். ருமந்தி தண்ணீர்ப் புட்டியை நீட்டினாள்.

"எத்தனை 'எ...' வந்துச்சுக்கா?"

"எண்ணல. எனக்கு நடுக்கம் நிக்கவே இல்ல."

"எனக்கும்தான்" என்று சொல்லிவிட்டு முழுப் புட்டியையும் குடித்தான்.

திங்கட்கிழமை புதிய கரூசல் வெளியானது. ஐந்தாவதும் ஆறாவதும் ஹர்யோ சொன்னபடி மாறியிருந்தன. பழைய பதிவை அவள் அழிக்கவில்லை. மேலே நிறுத்திய கருத்தில், 'புதியதைப் பாருங்கள், பழையதில் தவறு எங்களுடையது' என்று எழுதினாள். அந்த வரியை பாக் சுதர்மோ இரண்டு தடவை அடித்தார், இரண்டு தடவையும் அவள் மறுபடி சேர்த்தாள். மூன்றாம் தடவை அவர், "என்னமோ பண்ணு" என்று விட்டுவிட்டார். புதியதை நானூற்றுச் சொச்சம் பேர்தான் சேமித்தார்கள். ஸ்டிக்கர்கள் சில குரூப்களில் இன்னும் சுற்றிக்கொண்டுதான் இருந்தன; ஒருவர் போனுக்குள் போய்விட்டதைத் திரும்பப் பிடுங்க யாராலும் ஆகாது.

புதன்தோறும் மதியம் பதாகை அறையில் இரண்டு நாற்காலியைப் போட்டு, விரும்புகிறவர்கள் வந்து எதிரில் ஒரு ஆளை வைத்துப் பேசிப் பார்க்கலாம் என்று ருமந்தி அறிவித்தாள். கேட்க ஒரு ஆள் வேண்டுமே, அவளே உட்கார்ந்தாள். முதல் வாரம் ஒருவரும் வரவில்லை. இரண்டாம் வாரம் கணக்கியல் மாணவி ஒருத்தி வந்து, நாற்பது நொடி பேசிவிட்டு, அழுதுவிட்டு, அடுத்த வாரமும் வரலாமா என்று கேட்டாள். டிசம்பரில் ஒப்பந்தத்தை இன்னொரு வருடம் நீட்டித்தார்கள். அன்று புதன்; கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து, மதியம் பேசிப் பார்க்க எத்தனை பேர் பெயர் பதிந்திருக்கிறார்கள் என்று பார்த்தாள். மூன்று பேர். மணி ஒன்றாகப் பத்து நிமிடம் இருந்தது. அவளுக்கு எப்போதும்போல வயிறு கலங்கியது. பதாகை அறைச் சாவியை எடுத்துக்கொண்டு மாடி ஏறினாள்.